கெடு தாண்டிய புரொபேஷன்: கடிதத்தில் எந்தத் தேதி போடுவது?

கேள்வி:

“எங்கள் நிறுவனத்தில் எச்.ஆர். வேலை முழுவதையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். மார்ச் 3-ஆம் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்த ஒருவருக்கு ஆறு மாத புரொபேஷன். ‘தேவைப்பட்டால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கப்படலாம், எழுத்துமூலம் உறுதிசெய்யும் வரை புரொபேஷனில் இருப்பதாகவே கருதப்படும்’ என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் இரண்டு முறை கேட்டும் அவருடைய மேலாளர் மதிப்பீட்டுப் படிவத்தைத் தரவில்லை. இன்று செப்டம்பர் 18. இப்போது வந்து, ‘வேலை சுமார்தான், மூணு மாசம் நீட்டிச்சுடுங்க, லெட்டர்ல ஆகஸ்ட் 30-னு தேதி போட்டுக்கங்க’ என்கிறார். கோப்பில் அந்த ஊழியரைப் பற்றிக் குறையாக ஒரு வரிகூட இல்லை. ஜூனில் இதே மேலாளர் ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ஊழியரோ, ‘ஆறு மாதம் முடிந்துவிட்டதே, என் கன்ஃபர்மேஷன் லெட்டர் எங்கே?’ என்று 12-ஆம் தேதி எனக்கு எழுதிவிட்டார். ஆறு மாதம் முடிந்தாலே நிரந்தரம்தானே? நான் எந்தக் கடிதத்தை, எப்படி எழுதுவது?”

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆகஸ்ட் 30 என்ற தேதியை மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் சரிசெய்ய இன்னும் வழி இருக்கிறது. அது ஒன்றுதான் சரிசெய்ய முடியாதது. நாளை இந்த விஷயம் தொழிலாளர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனால், கடிதம் எந்த நாளில் தட்டச்சானது என்பதைக் கணினிக் கோப்பே சொல்லிவிடும். அதைவிட எளிய சான்று ஊழியரின் கையிலேயே இருக்கிறது: 12-ஆம் தேதி அவர் கேட்டு எழுதிய மின்னஞ்சல். ஆகஸ்ட் 30-லேயே நீட்டிப்புக் கடிதம் தயாராக இருந்திருந்தால், அன்றே அவருக்குப் பதில் போயிருக்குமே என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. ஒரு காகிதம் பொய் என்று தெரிந்துவிட்டால், உண்மையாக எழுதிய மற்றக் காகிதங்களையும் அதன் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். அதில் கையெழுத்து போட்டவர் மேலாளராக இருக்க மாட்டார், நீங்களாக இருப்பீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் தேதி வேறு, அது அமலுக்கு வரும் தேதி வேறு. கடிதத்தில் அதை எழுதிய நாளைத்தான் போட வேண்டும். ஆனால் அதன் உள்ளே, “செப்டம்பர் 3 முதல்” என்று முந்தைய நாளைக் குறிப்பிடுவதில் தவறில்லை. பொய்த் தேதி இல்லாமலே மேலாளர் கேட்கும் தொடர்ச்சி இதில் கிடைத்துவிடும்.

இன்று அவருடைய நிலை என்ன?

ஆறு மாதம் முடிந்தாலே நிரந்தரம் என்று நினைத்துவிட முடியாது. கடிதம் வரும் வரை என்றென்றைக்கும் புரொபேஷன் என்பதும் சரியல்ல. நியமனக் கடிதத்தின் வாசகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். “மறுத்துத் தெரிவிக்காவிட்டால் பணி உறுதியானதாகக் கருதப்படும்” என்று இருந்திருந்தால், செப்டம்பர் 3 காலையிலேயே அவர் நிரந்தர ஊழியர். இல்லாத புரொபேஷனை நீட்டிக்க முடியாது. உறுதிக் கடிதம் கொடுப்பது ஒன்றே வழி. உங்கள் கடிதம் அதற்கு நேர்மாறான வகை. எழுத்துமூலம் உறுதிசெய்யும் வரை அவர் புரொபேஷனில் தொடர்கிறார். ஆனால் அதே வாசகம் ஓர் எல்லையையும் வைத்திருக்கிறது: நீட்டிப்பு மூன்று மாதம் வரைதான். மார்ச் 3-இல் சேர்ந்தவருக்கு ஆறு மாதத்தின் கடைசி நாள் செப்டம்பர் 2. அதிலிருந்து மூன்று மாதம் டிசம்பர் 2. அதற்கு மேல் நீங்கள் சும்மா இருந்தால், “உறுதிசெய்யும் வரை” என்ற வரியைக் காட்டித் தப்பிப்பது கடினம். அதிகபட்ச காலம் குறிக்கப்பட்டிருந்து, அது கடந்தும் வேலையில் வைத்திருந்தால், உறுதிசெய்ததாகவே கொள்ளப்படும் அபாயம் பெரிது.

மேலாளர் கேட்கும் நீட்டிப்பை ‘இன்றிலிருந்து மூன்று மாதம்’ என்று எழுதினால் அது டிசம்பர் 17 வரை போய்விடும். கடைசிப் பதினைந்து நாளுக்கு உங்கள் நியமனக் கடிதத்தில் இடமே இல்லை. ஆகவே நீட்டிப்பை எப்போது எழுதினாலும் அது செப்டம்பர் 3-இல் தொடங்கி டிசம்பர் 2-க்குள் முடிய வேண்டும்.

இவ்வளவும் ஒப்பந்தக் கணக்கு. இதற்கு மேலே உங்கள் நாட்டுச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் புரொபேஷன் ஆறு மாதத்தைத் தாண்டவே கூடாது. ஜெர்மனியில் பொதுவாக ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவருக்கு, அதற்கென வரையறுக்கப்பட்ட அளவில் ஆட்கள் உள்ள நிறுவனமாக இருந்தால், பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தத் தொடங்கிவிடும்; புரொபேஷனை நீட்டி எழுதினாலும் அந்தப் பாதுகாப்பு தள்ளிப்போகாது. சில இடங்களில் ஊழியரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் நீட்டிப்பே செல்லாது. உங்கள் ஊரில் எது என்பதை, கடிதம் போகும் முன் உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். பணிமுடிவு பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கைகூட, புரொபேஷனில் இருப்பவர்களை அதன் பாதுகாப்பிலிருந்து விலக்க நாடுகளுக்கு அனுமதி தரும்போது, அந்தக் காலம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டதாகவும் நியாயமான நீளமுள்ளதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முடிந்த பிறகு நீட்டும் புரொபேஷனை எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

‘சுமார்’ என்பது காரணமாகாது

நீட்டிக்கலாமா என்பதற்கு முன், நீட்டிக்கக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிலைகளில்தான் நீட்டிப்பு நியாயம் என்பது என் கருத்து. ஒன்று, மதிப்பிடும் அளவுக்கு வேலையைப் பார்க்கவே முடியாமல் போயிருக்க வேண்டும். நீண்ட விடுப்பு, நடுவில் மேலாளர் மாறியது போன்றவை இதில் வரும். மற்றொன்று, திருத்திக்கொள்ளக்கூடிய, சுட்டிக்காட்டத்தக்க குறை இருக்க வேண்டும். முடிவெடுக்கச் சோம்பிப்போய் நீட்டுவது மூன்றாவது வகை. நடைமுறையில் அதிகம் நடப்பது துரதிர்ஷ்டவசமாக அதுதான்.

மேலாளரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். படிவத்தை நீட்டாமல், வாயால் கேளுங்கள்: எந்த வேலையில் குறை? எந்தத் தேதியில்? அது அவருக்கு எப்போது, எப்படிச் சொல்லப்பட்டது? உதாரணத்துக்கு, “மாத முடிவு பேங்க் ரீகன்சிலியேஷன் தாமதமாகத் தருகிறார்” என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். வங்கிப் பதிவையும் நம் கணக்கையும் ஒப்பிட்டுத் தரும் அறிக்கை அது. அடுத்த மாதத்தின் ஐந்தாம் வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது உங்கள் பிரிவின் வழக்கம் என்றும் வைத்துக்கொள்வோம். உடனே கணக்கு மென்பொருளில் அறிக்கைகள் பதிவான தேதிகளை எடுத்துப் பாருங்கள். மே மாத அறிக்கை ஐந்தாம் நாள், ஜூன் மாதத்தது எட்டாம் நாள், ஜூலை மாதத்தது ஒன்பதாம் நாள் என்று வருகிறது. இப்போது ‘சுமார்’ என்பது ஒரு செய்தியாக மாறிவிட்டது. ஜூனில் வந்த பாராட்டு மின்னஞ்சலும் இதோடு முரண்படவில்லை, அது மே அறிக்கை சரியான நேரத்தில் வந்த பிறகு எழுதியது. அந்த மின்னஞ்சலைக் கோப்பிலிருந்து எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். அதன் பிரதி ஊழியரிடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், அது கோப்பில் இருப்பதால்தான் மற்றக் குறிப்புகள் ஒருதலைப்பட்சமாகத் தெரியாது.

இந்த உரையாடலை அன்றே குறிப்பாக எழுதுங்கள். ஜூலையில் எழுதியதுபோல அல்ல. “செப்டம்பர் 18 அன்று மேலாளர் நினைவிலிருந்து கூறியது, மென்பொருள் பதிவோடு ஒப்பிடப்பட்டது, இந்தத் தாமதம் ஊழியருக்கு இதற்கு முன் எழுத்தில் தெரிவிக்கப்படவில்லை” என்று உள்ளபடியே எழுதி, பதிவின் அச்சுப்பிரதியை இணையுங்கள். நிறுவனத்துக்குப் பாதகமான கடைசி வரியையும் ஏன் எழுத வேண்டும் என்று மேலாளர் கேட்பார். அந்த உண்மை எப்படியும் வெளியே வரும். அதை மறைக்காமல் எழுதிய குறிப்பில் உள்ள மற்ற வரிகளுக்கு அதனால் எடை கூடும்.

அடுத்து ஊழியரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கடிதத்தை அச்சிடுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். அவர் சொல்லப்போவது எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். “ஜூன் மாதக் கணக்கிலிருந்து வங்கி விவரமே எனக்கு ஆறாம் வேலை நாள்தான் வருகிறது” என்று சொல்லி, அனுப்பியவரின் மின்னஞ்சல்களை அவர் காட்டினால், தாமதம் அவருடையதல்ல. அப்போது மேலாளரிடம் திரும்பிப் போய், வேறு காரணம் இல்லையென்றால் உறுதிசெய்துவிடலாம் என்று சொல்வது உங்கள் வேலை. ஜூலையில் மட்டும்தான் அப்படி நடந்தது என்றால், ஜூன் தாமதம் நிற்கும். ஆனால் ஒரே ஒரு மாதத் தாமதத்துக்கு மூன்று மாத நீட்டிப்பு தேவையா என்று யோசியுங்கள்.

இன்னொரு கணக்கையும் மேலாளரிடம் காட்டுங்கள். டிசம்பர் 2 வரை நீட்டினாலும், ஆகஸ்ட் மாத அறிக்கையின் கெடு குறை சொல்லப்படும் முன்பே கடந்துவிட்டது. நவம்பர் மாதத்தது டிசம்பர் 2-க்குப் பிறகுதான் வரும். ஆக, அவர் தன்னை நிரூபிக்க மீதி இருப்பது செப்டம்பர், அக்டோபர் என இரண்டே அறிக்கைகள். அந்த இரண்டை வைத்து முடிவெடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் நீட்டிக்கட்டும். நாள் குறித்து, ஒரு வாரத்துக்குள், அதாவது 25-ஆம் தேதிக்குள், திட்டவட்டமான உதாரணம் எதையும் மேலாளர் தராவிட்டால் உறுதிக் கடிதம் போகும் என்று அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உறுதிசெய்வதால் வேலையைத் திருத்தும் அதிகாரம் யாருக்கும் போய்விடாது. நிரந்தர ஊழியரிடமும் தாமதத்தைப் பற்றிப் பேசலாம், எழுதலாம்.

மூன்று முடிவுகள், மூன்று கடிதங்கள்

உறுதிக் கடிதம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். “தங்கள் தகுதிகாண் காலம் செப்டம்பர் 2 அன்று நிறைவடைந்தது. செப்டம்பர் 3 முதல் தங்கள் பணி உறுதிசெய்யப்படுகிறது. அன்றுமுதல் நிரந்தர ஊழியர்களுக்கான முன்னறிவிப்புக் காலமும் விடுப்பு விதிகளும் தங்களுக்குப் பொருந்தும். நியமனக் கடிதத்தின் மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை.” இவ்வளவுதான். “தொடர்ந்து திருப்திகரமாகப் பணியாற்றும் பட்சத்தில்” என்று ஒரு வால் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உறுதிசெய்தபின் நிபந்தனை போட்டால், அது உறுதியா நீட்டிப்பா என்று இருபக்கமும் வாதாடலாம். குறை இருந்தால் அதைத் தனிக் குறிப்பாக எழுதுங்கள், இந்தக் கடிதத்தில் வேண்டாம். ஊதிய உயர்வு இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உறுதியானதும் சம்பளம் கூடும் என்று பலர் எதிர்பார்ப்பார்கள்.

நீட்டிப்புக் கடிதத்தில்தான் அதிகக் கவனம் தேவை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“தங்கள் ஆறு மாதத் தகுதிகாண் காலம் செப்டம்பர் 2 அன்று முடிந்தது. அதற்குள் முடிவைத் தெரிவிக்காதது நிறுவனத்தின் தாமதம். நியமனக் கடிதத்தின் தகுதிகாண் பிரிவின்படி இக்காலம் செப்டம்பர் 3 முதல் டிசம்பர் 2 வரை நீட்டிக்கப்படுகிறது. காரணம்: ஜூன், ஜூலை மாதங்களுக்கான வங்கிக் கணக்கு ஒப்பிடல் அறிக்கைகள் ஐந்தாம் வேலை நாளுக்குப் பதிலாக முறையே எட்டாம், ஒன்பதாம் வேலை நாளில் அளிக்கப்பட்டன. இது குறித்து செப்டம்பர் 21 அன்று தங்களுடன் பேசினோம். செப்டம்பர், அக்டோபர் மாத அறிக்கைகள் ஐந்தாம் வேலை நாளுக்குள் அளிக்கப்பட வேண்டும். அதற்கான வங்கி விவரங்கள் இரண்டாம் வேலை நாளுக்குள் தங்களுக்குத் தரப்படும். தங்கள் பணி அக்டோபர் நடுவிலும் நவம்பர் நடுவிலும் தங்களுடன் பேசி மதிப்பிடப்படும். இறுதி முடிவு நவம்பர் 20-க்குள் எழுத்தில் தெரிவிக்கப்படும். இக்காலத்தில் ஊதியத்தில் மாற்றமில்லை.”

தாமதத்தை ஒப்புக்கொள்ளும் வரியை எடுத்துவிடச் சொல்வார்கள். இருக்கட்டும் என்பேன். தேதியைப் பார்க்கும் எவருக்கும் தாமதம் தெரியத்தான் போகிறது. “பணியில் மேம்பாடு தேவை”, “அணுகுமுறை சரியில்லை” போன்ற வரிகளை இதில் எழுதாதீர்கள். எதைச் செய்தால் தேறலாம் என்று அவருக்கும் தெரியாது, தேறினாரா என்று டிசம்பரில் உங்களுக்கும் தெரியாது. நிறுவனம் செய்ய வேண்டியதையும், இங்கே வங்கி விவரம் இரண்டாம் நாளில் கிடைப்பதையும், அதே கடிதத்தில் எழுதுங்கள். அது தவறினால் அவர் தவறினார் என்று சொல்ல முடியாது.

பணி முடிவுக் கடிதம் இந்த ஊழியருக்கு இப்போது கூடவே கூடாது. ஒருமுறைகூடக் குறை சொல்லாமல், பாராட்டை மட்டும் எழுத்தில் கொடுத்துவிட்டு, கெடு தாண்டியபின் அனுப்பிவிடுவது எந்த இடத்திலும் எடுபடுவது சிரமம். டிசம்பருக்குள் அப்படி ஒரு முடிவு வந்தே தீரும் என்றால், வாசகம் நிதானமாக இருக்கட்டும்: “தகுதிகாண் காலப் பணியை மதிப்பிட்டதன் அடிப்படையில், தங்கள் பணியை உறுதிசெய்வதில்லை என நிறுவனம் முடிவுசெய்துள்ளது. நியமனக் கடிதத்தில் குறிப்பிட்ட முன்னறிவிப்புடன் தங்கள் பணி இன்ன தேதியில் நிறைவடைகிறது.” அதன்கீழ் கடைசி வேலை நாள், நிலுவைத் தொகை, ஒப்படைக்க வேண்டிய பொருள்கள். காரணத்தையும் எழுத வேண்டும் என்று உங்கள் சட்டம் சொன்னால், நீட்டிப்புக் கடிதத்தில் உள்ள அதே காரணத்தை, பின்னர் நடந்த இரு மதிப்பீடுகளின் தேதியோடு எழுதுங்கள். புதிதாக ஒரு காரணம் அங்கே முளைக்கக் கூடாது.

ஒருவருடைய குணத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். “நேர்மையற்றவர்”, “பொறுப்பில்லாதவர்” என்பவை அவருடைய அடுத்த வேலையையும் கெடுக்கும். விசாரணையின்றித் தண்டித்ததாக உங்கள் மேலும் திரும்பும். பணக் கையாடல் போன்ற சந்தேகம்தான் உண்மைக் காரணம் என்றால், அதை ‘புரொபேஷன் திருப்தியில்லை’ என்ற போர்வையில் முடிக்கப் பார்க்காதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவர் விளக்கத்தைக் கேட்கும் தனி நடைமுறை அதற்கு இருக்கிறது. அதேபோல மகப்பேறு விடுப்பு, நோய் விடுப்பு போன்றவற்றால் வேலை நாள் குறைந்ததையே குறையாக எழுதுவது பல நாடுகளில் சட்டவிரோதம்.

கையெழுத்தும் நினைவூட்டலும்

எந்தக் கடிதமானாலும், கீழே “பெற்றுக்கொண்டேன்” என்று இருக்கட்டும், “ஒப்புக்கொள்கிறேன்” என்று வேண்டாம். நீட்டிப்பை ஏற்காதவர்கூட, கடிதம் கைக்கு வந்ததற்குக் கையெழுத்து போட முடியும். தேதியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சம்மதம் சட்டப்படி அவசியமான இடமாக இருந்தால் மட்டும் அதற்குத் தனி வரி, தனிக் கையெழுத்து. வாங்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். யார் முன்னிலையில், எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று குறித்துவிட்டு, அன்றே அதே கடிதத்தை அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதும். அவர் மறுப்பு எழுதித் தந்தால் அதுவும் கோப்பில் சேர வேண்டும்.

இனி வருபவர்களுக்கு, சேர்ந்த அன்றே கடைசி நாளைக் கணக்கிட்டு நாட்காட்டியில் போடுங்கள். பாதிக் காலத்தில் ஒரு மதிப்பீடு, முடிய 45 நாள் இருக்கும்போது மேலாளருக்கு முதல் கடிதம், 14 நாள் இருக்கும்போது முடிவு, 7 நாள் இருக்கும்போது ஊழியர் கையில் கடிதம் என்ற வரிசை சின்ன நிறுவனத்துக்குத் தாங்கும். ஆகஸ்டில் நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்களில் “படிவத்தைத் தரவும்” என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படிவத்தை யார் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். அதற்குப் பதிலாக, “இவருடைய புரொபேஷன் இன்ன நாளில் முடிகிறது. இன்ன நாளுக்குள் உதாரணத்துடன் நீட்டிப்போ மறுப்போ வராவிட்டால், உறுதிக் கடிதம் அனுப்பப்படும்” என்று எழுதி, மேலாளரின் மேலாளருக்கும் ஒரு பிரதி போடுங்கள். இந்த நடைமுறைக்கு நிர்வாகத்தின் ஒப்புதலை முதலிலேயே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அப்படி எழுத உங்களுக்கு அதிகாரம் ஏது என்று கேட்பார்கள்.

ஊழியரின் 12-ஆம் தேதி மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போகவில்லை. அதை இன்றே அனுப்பிவிடுங்கள். “தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. தங்கள் தகுதிகாண் காலம் பற்றிய முடிவு தாமதமாகியிருப்பதற்கு வருந்துகிறோம். 21-ஆம் தேதி தங்களுடன் பேசியபின், 25-ஆம் தேதிக்குள் முடிவை எழுத்தில் தெரிவிப்போம்.” உறுதியாகிவிட்டது என்றோ ஆகவில்லை என்றோ இதில் எழுத வேண்டாம். மேலாளரும் இடையில் வாய்வார்த்தையாக எதையும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.